கோலாலம்பூரில் அப்பா அம்மா பாஸ்போர்ட் பறிபோய்விட்டது, சிங்கப்பூர் வழியாகத் திரும்ப முடியுமா?

உறையூர்வாசி | வியாழன், இரவு 11:40

அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து ஒரு டூர் குழுவோடு மலேசியா, சிங்கப்பூர் போயிருக்கிறார்கள். இன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சாப்பிட்டுவிட்டு நடந்து வரும்போது பைக்கில் வந்த இருவர் அம்மாவின் தோள்பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான்.

திட்டப்படி நாளை மறுநாள் பஸ்ஸில் ஜொகூர் வழியாக சிங்கப்பூர் போய், ஞாயிறு இரவு அங்கிருந்து திருச்சி விமானம். டூர்காரர், "எம்பசியில் ஒரு பேப்பர் தருவார்கள், அதை வைத்து சிங்கப்பூர் போய் ஏறிக்கொள்ளலாம்" என்கிறார். இது சரியா? பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் போட்டோ என் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. நான் திருச்சியில் இருக்கிறேன், இங்கிருந்து என்ன செய்யலாம்?

சென்னை சூர்யா | வியாழன், இரவு 11:58

பயப்படாதீங்க பிரதர். காபி இருந்தால் இந்தியத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் ஒரே நாளில் கிடைத்துவிடும். ஆதாரை டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போலீஸ் ரிப்போர்ட்டும் ஆதாரும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. சிங்கப்பூர் வெறும் டிரான்சிட்தானே, வெளியே போகாமல் ஏர்போர்ட்டுக்குள்ளேயே இருந்தால் பிரச்சினை வராது.

பாலன் கிள்ளான் | வெள்ளி, நள்ளிரவு 12:20

தம்பி, முதலில் டூர்காரர் சொன்னதை ஒதுக்கி வையுங்கள். இந்தியத் தூதரகம் தரும் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட், அதாவது இ.சி., ஒருவழித் தாள். இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் அது செல்லும். உங்கள் பெற்றோர் சிங்கப்பூரில் விமானம் மாறவில்லை. பஸ்ஸில் போய் உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ நாட்டுக்குள் நுழைந்து, அப்புறம்தான் சாங்கிக்குப் போக வேண்டும். அதனால் சூர்யா சொல்லும் டிரான்சிட் கணக்கு இங்கே பொருந்தாது. அவர்களின் சிங்கப்பூர் விசாவும் பறிபோன கடப்பிதழ் எண்ணோடு சேர்ந்தது. எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிட மோசம், மலேசியாவை விட்டு வெளியேறிய பிறகு அங்கே மறுக்கப்பட்டால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். சிங்கப்பூர் பகுதியை விட்டுவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்கு விமானம் இருக்கிறது, அதில்தான் வர வேண்டும்.

அடுத்தது, தூதரகத்தோடு வேலை முடியாது. இங்கே கடைகளில் பயண முகவராக உட்காருகிறவர்களே பலர் இதைச் சொல்ல மாட்டார்கள். இ.சி. என்பது இந்தியா உள்ளே விடுவதற்கான தாள். மலேசியா வெளியே விடுவதற்கு மலேசியக் குடிநுழைவுத் துறை தனியாக அனுமதி தர வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லாமல் நுழைவு இருக்கிறதல்லவா, அதனால் சட்டப்படி உள்ளே வந்ததற்கு அவர்கள் கையில் இருந்த ஆதாரம் கடப்பிதழில் குத்திய முத்திரை மட்டும்தான். அது இப்போது பையோடு போய்விட்டது. புது இ.சி. வெறும் தாள், அதில் நுழைந்த பதிவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு நேராக விமான நிலையம் போனால் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். புத்ராஜெயா தலைமையகத்துக்குப் போய், நுழைந்த பதிவைத் தேடி எடுக்கச் சொல்லி, ஸ்பெஷல் பாஸ் வாங்கித்தான் வெளியேற வேண்டும்.

ஆகவே வரிசை இது: இன்றிரவே போலீஸ் புகார், நாளை காலை மோண்ட் கியாராவில் உள்ள இந்திய ஹைகமிஷன், இ.சி. கையில் வந்த பிறகு புத்ராஜெயா, கடைசியில் டிக்கெட். நாளை வெள்ளிக்கிழமை என்பதை மறக்காதீர்கள். ஜும்ஆ தொழுகைக்காக அரசு அலுவலகங்கள் மதியம் 12:15 முதல் 2:45 வரை இடைவேளை. சனி ஞாயிறு மூடல். ஞாயிறு விமானம் கிடைக்காது என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். புதன், வியாழன் என்று வைத்தால் நிம்மதி.

உறையூர்வாசி | வெள்ளி, நள்ளிரவு 12:31

அண்ணா, ரொம்ப நன்றி. டூர்காரர் காலையில் போலீஸுக்குப் போகலாம் என்கிறார். இரவே போகச் சொல்லவா?

பாலன் கிள்ளான் | வெள்ளி, நள்ளிரவு 12:44

இரவே போகட்டும், காவல் நிலையம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், எந்த நிலையத்திலும் புகார் எழுதலாம். காலையில் போனால் ஹைகமிஷன் நேரம் வீணாகும்.

அங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணாக இருக்க வேண்டும். பெயர். இங்கே எங்கள் இந்தியர் பெயர்களில் நடுவில் ஏ/எல், ஏ/பி என்று வரும், மகன், மகள் என்பதற்கு. கணினியில் தட்டும் போலீஸ்காரர் பழக்கத்தில் உங்கள் அப்பா பெயரிலும் அதைச் சேர்த்துவிடுவார். அல்லது ஆதாரில் இருப்பதுபோல் இனிஷியலோடு எழுதிவிடுவார். புகாரில் ஒரு பெயர், தூதரகத் தாளில் ஒரு பெயர், குடிநுழைவுப் பதிவில் ஒரு பெயர் என்று ஆனால் புத்ராஜெயாவில் தேடும்போது பதிவு வராது. வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டி, கடப்பிதழில் உள்ள எழுத்துகளை அப்படியே, கடப்பிதழ் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் வர வேண்டும். ஒரே புகாரில் இருவரையும் சேர்ப்பதைவிட ஆளுக்கு ஒன்று வாங்குவது நல்லது, பின்னால் இந்தியாவில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். தொலைந்தது என்று எழுத வேண்டாம், பறித்துச் சென்றார்கள் என்றே எழுதட்டும். நடந்தது அதுதான்.

அப்புறம், எம்டிஏசி. மலேசியா வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பிய வருகைப் படிவம். அதற்கு மின்னஞ்சலில் வந்த உறுதிச் சீட்டும், வந்த விமானத்தின் போர்டிங் பாஸும் இருந்தால் தேடி எடுங்கள். நுழைந்த தேதியைக் காட்ட அதுதான் சுலபமான ஆதாரம்.

தஞ்சை மைந்தன் | வெள்ளி, காலை 6:15

இ.சி. வாங்காதீங்க சார். எனக்கு சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை செய்யும்போது பாஸ்போர்ட் தொலைந்தது. இங்கே தூதரகத்திலேயே புது புக்லெட்டுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். இ.சி. வாங்கியிருந்தால் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் வேலையே போயிருக்கும். ஏஜெண்ட் இ.சி.தான் வேகம் என்று என்னையும் தள்ளப் பார்த்தார். உங்கள் பெற்றோரும் புது பாஸ்போர்ட்டே கேட்கட்டும்.

ரேவதி கோவை | வெள்ளி, காலை 7:05

மைந்தன் தம்பி, நீங்கள் செய்தது உங்கள் நிலைக்கு முழுக்கச் சரி. வேலை அனுமதியோடு வெளிநாட்டில் இருப்பவர் இ.சி. எடுத்தால் ஒரு வழியாக ஊருக்கு வந்து சிக்கிக்கொள்வார். புது பாஸ்போர்ட் வாங்கி, வேலை அனுமதியை அதற்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. ஆனால் இவர்கள் சுற்றுலாவில் இருக்கும் வயதானவர்கள். தூதரகத்தில் புது புக்லெட் கேட்டால் இந்தியாவில் போலீஸ் சரிபார்ப்பு முடியும்வரை அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். 30 நாளையும் தாண்டிவிடும் அபாயம் வேறு. திரும்பிப் போக வேண்டிய வேலை அங்கே இல்லாதவருக்கு இ.சி.தான்.

சூர்யா சொன்ன ஆதாரைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் இருக்கட்டும், ஆளை அடையாளம் காண உதவும். ஆனால் ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை, அதை வைத்து விமானத்தில் ஏறவும் முடியாது. தூதரகம் பார்ப்பது பழைய பாஸ்போர்ட்டின் பதிவு அவர்கள் கணினியில் கிடைக்கிறதா என்பதைத்தான். அதற்கு எண் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. பாதி வேலை முடிந்தது என்றால் இதனால்தான்.

முதல் பக்கம் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். வீட்டில் ஜெராக்ஸ் தேடுங்கள், கடைசிப் பக்கமும் வேண்டும். பெற்றோர் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், முகவரி, ஃபைல் எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. படிவம் நிரப்பும்போது அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

வன்னியூரான் | வெள்ளி, காலை 8:40

நான் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரன், ஆனால் பாலன் அண்ணை சொல்வது எங்களுக்கும் அப்படியேதான். எங்கட தூதரகம் ஒருவழித் தாள் தந்ததும் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டு விமான நிலையம் போனோம். குடிநுழைவுக் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், டிக்கெட் காசும் போச்சு. எந்த நாட்டுக்காரர் எண்டாலும் வெளியேறும் அனுமதி மலேசியாவிடம் இருந்துதான் வர வேணும். புத்ராஜெயாவுக்குக் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கோ, எண் சீட்டு முடிஞ்சால் அடுத்த நாள்தான்.

உறையூர்வாசி | வெள்ளி, இரவு 8:10

இன்றைய நிலவரம். நேற்றிரவே புகார் கொடுத்துவிட்டார்கள். பாலன் அண்ணா சொன்னது நடக்கப் பார்த்தது, அப்பா பெயரின் நடுவில் ஏ/எல் போட்டுவிட்டார்களாம். போட்டோவைக் காட்டியதும் திருத்தி அச்செடுத்துக் கொடுத்தார்கள்.

காலை ஹைகமிஷனில் புகார், பாஸ்போர்ட் நகல், படிவம், போட்டோ வாங்கிக்கொண்டார்கள். போட்டோதான் ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மலேசியக் கடைக்காரர் அந்த நாட்டு அளவில் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஹைகமிஷன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த அளவைக் காட்டி மறுபடி எடுத்தார்கள்.

அப்பாவுக்கு இ.சி. மாலையிலேயே கிடைத்துவிட்டது. அம்மாவுடையது நின்றுவிட்டது. டூர்காரர் படிவத்தை அம்மாவின் ஆதாரைப் பார்த்து நிரப்பியிருக்கிறார். ஆதாரில் அம்மா பெயருக்குப் பின் தாத்தா பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பதிவோடு ஒத்துவரவில்லை என்று திருத்திக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், நேரம் முடிந்துவிட்டது. ரேவதி அக்கா சொன்ன கடைசிப் பக்க ஜெராக்ஸ் பீரோவில் கிடைத்தது, அதைப் பார்த்து இப்போது புதிதாக நிரப்பிவிட்டோம். திங்கள் காலை மறுபடி.

எம்டிஏசி சீட்டு டூர்காரரின் மின்னஞ்சலுக்குத்தான் வந்திருக்கிறது. அவரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். குழு நாளை சிங்கப்பூர் கிளம்புகிறது, இவர்கள் இருவர் மட்டும் இருப்பார்கள். ஓட்டலில் தங்குவதை நீட்டிக்கும்போது பாஸ்போர்ட் கேட்டால்?

பாலன் கிள்ளான் | வெள்ளி, இரவு 8:35

போலீஸ் புகாரும் நகலும் காட்டினால் போதும், அதே ஓட்டல் என்றால் கேள்வியே வராது. அப்பாவின் இ.சி.யில் பெயர், பிறந்த தேதி, பழைய கடப்பிதழ் எண் சரியா என்று இப்போதே வரி வரியாகப் பாருங்கள். ஏதாவது பிழை இருந்தால் திங்கள் அம்மாவுடையதோடு சேர்த்துத் திருத்தலாம். புத்ராஜெயாவில் கண்டுபிடித்தால் திரும்ப மோண்ட் கியாரா ஓட வேண்டும், ஒரு நாள் போய்விடும்.

திங்கள் மதியம் அவசரமாகப் புத்ராஜெயா போக வேண்டாம். செவ்வாய் காலை கே.எல். சென்ட்ரலில் இருந்து கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் ரயில் பிடித்தால் புத்ராஜெயா நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து பிரெசிண்ட் 2-க்கு கிராப் எடுக்கட்டும். டிக்கெட் புதன் இரவு அல்லது வியாழன், தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். அச்சடித்த டிக்கெட் புத்ராஜெயாவில் கையில் இருக்க வேண்டும், எப்போது வெளியேறுகிறார்கள் என்று கேட்பார்கள். ஸ்பெஷல் பாஸ் கட்டணம் ஆளுக்கு 100 ரிங்கிட். கார்டும் ரொக்கமும் இரண்டும் இருக்கட்டும்.

சென்னை சூர்யா | வெள்ளி, இரவு 9:02

என் நண்பர் ஒருவருக்கு ஸ்பெஷல் பாஸ் இல்லாமல் வெறும் ஒரு கடிதம் மாதிரி கொடுத்து அனுப்பிவிட்டார்களே. கட்டணமும் வாங்கவில்லை.

பாலன் கிள்ளான் | வெள்ளி, இரவு 9:20

அப்படியும் நடந்து பார்த்திருக்கிறேன். நுழைந்த பதிவு தெளிவாகக் கிடைத்து, தங்கும் நாள் மீதி இருந்தால் வெளியேறும் மெமோ எழுதிக் கொடுத்ததும் உண்டு, ஸ்பெஷல் பாஸ்தான் என்று நின்றதும் உண்டு. எதைக் கொடுப்பது என்று கவுண்டரில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். தாளின் பெயர் எதுவானாலும் குடிநுழைவுத் துறை முத்திரை இல்லாமல் விமான நிலையம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

உறையூர்வாசி | செவ்வாய், மாலை 5:30

கிடைத்துவிட்டது! அம்மா இ.சி. நேற்று மதியம் வந்தது. இன்று காலை புத்ராஜெயா. அப்பாவின் பதிவு உடனே வந்தது, அம்மாவுடையது முதலில் வரவில்லை. எம்டிஏசி சீட்டில் இருந்த பாஸ்போர்ட் எண்ணையும் வந்த தேதியையும் காட்டிய பிறகு தேடி எடுத்தார்கள். இருவருக்கும் ஸ்பெஷல் பாஸ்தான் கொடுத்தார்கள். நாளை இரவு விமானம்.

பாலன் கிள்ளான் | செவ்வாய், மாலை 6:10

நல்ல செய்தி, அம்மா கையைப் பார்த்துக்கொள்ளட்டும். வெப் செக்-இன் ஆகாது, பழைய கடப்பிதழ் எண்ணோ இ.சி. எண்ணோ அதில் ஏறாது. விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் கவுண்டருக்குப் போகட்டும். குடிநுழைவில் ஆட்டோகேட் பக்கம் போக வேண்டாம், அதிகாரி உட்கார்ந்திருக்கும் வரிசை. இ.சி., பாஸ், போலீஸ் புகார் எல்லாவற்றையும் இருவரும் தனித்தனிக் கவரில் வைத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

உறையூர்வாசி | வியாழன், காலை 10:15

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திருச்சி விமான நிலையத்தில் ஒரு பக்கமாக உட்கார வைத்து எங்கே எப்படிப் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இ.சி.யில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் எல்லோருக்கும் அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.

இப்போது புது பாஸ்போர்ட். இதற்கு இங்கேயும் போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா?

ரேவதி கோவை | வியாழன், காலை 11:00

அந்த இ.சி.யைப் பத்திரமாக வையுங்கள், பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஒரிஜினல் கேட்பார்கள். சில விமான நிலையங்களில் அதை வாங்கி வைத்துக்கொண்டதாகவும் கேட்டிருக்கிறேன். அப்படி ஆனவர்கள் நகலோடும் வாங்கியதற்கான குறிப்போடும் போயிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் மறுவெளியீடு, காரணம் தொலைந்தது அல்லது திருட்டு. 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000 ரூபாய், சாதாரணப் புதுப்பித்தலைவிட இரு மடங்கு. அனெக்சர் எஃப் என்ற உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், எங்கே எப்படிப் போனது என்று அதில் எழுத வேண்டும். கோலாலம்பூர் புகாரில் உள்ள தேதியும் இடமும் இதில் மாறக் கூடாது. மலாய் புகாருக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சேர்த்து வையுங்கள், படிக்க முடியாத தாளைப் பார்த்தால் அதிகாரி ஃபைலைத் தள்ளி வைப்பார். உள்ளூர் புகார் பற்றி: சம்பவம் நடந்த இடத்துப் புகார்தான் மூலம். ஆனாலும் ஒரு சிலரிடம் உள்ளூர் நிலையத்து ரசீதும் கேட்டிருக்கிறார்கள். கேட்டால் கொடுக்கலாம், முன்கூட்டியே ஓட வேண்டாம். போலீஸ் சரிபார்ப்புக்கு ஆள் வருவார்கள், பெற்றோர் வீட்டில் இருக்கட்டும்.

உறையூர்வாசி | சனி, மாலை 4:20

ஒரு புதுச் சிக்கல். கோலாலம்பூரில் அந்தக் காவல் நிலையத்திலிருந்து ஓட்டலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பை ஒரு சாக்கடையோரம் கிடைத்ததாம், பணம் போய்விட்டது, இரண்டு பாஸ்போர்ட்டும் அப்படியே இருக்கிறதாம். அம்மா பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருக்கிறது, 10 வருடத்துக்கானது, அக்கா அங்கே இருக்கிறாள். கூரியரில் வரவழைத்து அதையே பயன்படுத்தலாமா?

பாலன் கிள்ளான் | சனி, மாலை 4:50

பயணத்துக்குக் கூடாது தம்பி. இ.சி. கொடுத்த அன்றே அந்த எண்களை ரத்து செய்திருப்பார்கள். தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கு இன்டர்போல் 2002-இலிருந்து ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது, நாடுகள் அந்த எண்களை அதில் ஏற்றும். ஏறிய எண்ணோடு எந்த எல்லையில் போய் நின்றாலும் திருட்டு ஆவணம் என்றுதான் திரையில் வரும். சொந்தப் புத்தகம் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து ஹைகமிஷனுக்கே அனுப்பச் சொல்லுங்கள், கூரியரில் கடப்பிதழ் அனுப்ப வேண்டாம். கிடைத்த செய்தியை புது விண்ணப்பத்திலும் சொல்லிவிடுங்கள்.

சென்னை சூர்யா | சனி, மாலை 5:30

ஆனால் ரத்தான பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா செல்லும். பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள், நானே அப்படித்தான் போனேன்.

ரேவதி கோவை | சனி, மாலை 6:15

காலாவதியாகி ரத்தான பாஸ்போர்ட் என்றால் நீங்கள் சொல்வது சரி. இது திருடுபோனதாகப் பதிவான பாஸ்போர்ட், அதுதான் வித்தியாசம். விசா தொலைந்ததாக அமெரிக்கத் தூதரகத்துக்குத் தெரிவித்திருந்தால் அந்த விசா முடிந்தது, பிறகு கிடைத்தாலும் செல்லாது. உறையூர்வாசி, நீங்களோ அக்காவோ அவர்களுக்கு ஏதாவது எழுதினீர்களா?

உறையூர்வாசி | சனி, மாலை 6:40

அக்கா வெள்ளிக்கிழமையே சென்னைத் தூதரகத்துக்கு மெயில் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

ரேவதி கோவை | சனி, மாலை 7:00

அப்படியானால் புது விசாவுக்கு விண்ணப்பிப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இங்கே போடுங்கள், மெயில் மட்டும் போட்டு அவர்கள் பதிவு செய்யாத நிலையில் என்ன ஆகும் என்பதில் எனக்கும் ஒரு முடிவு இல்லை. முதலில் பாஸ்போர்ட் அப்பாயிண்ட்மெண்ட் எடுங்கள், விசா படிவத்துக்கும் அந்தப் புது எண் வேண்டும்.